மரியநேசனைப் படிப்படியாக வீட்டுக்கு அனுப்பியது

கொக்கிளாய்க் களப்பு என்ற கடலேரியின் கரையில் இருக்கிற ஐஸ் கம்பனியின் இயந்திர மேற்பார்வையாளர் மரியநேசன், தான் ஓய்வு பெறப்போகும் விதத்தை மனதுக்குள் பல தடவை நடத்திப் பார்த்திருந்தார். அறுபது வயது முடிகிற தை மாதத்தில் மாலை போடுவார்கள். முகாமையாளர் பேசுவார். இரண்டொரு பேர் கண் கலங்குவார்கள். அடுத்த நாள் விடியவே இயந்திரம் நின்றுவிடும். மத்தியானத்துக்குள் கம்பனி வாகனம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நீங்கள் இல்லாமல் சரிவராது என்று கெஞ்சுவார்கள். அவர் இரண்டு தரம் மறுத்துவிட்டு, மூன்றாம் தரம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவார்.

இப்படியிருக்கையில்தான் ஆவணி மாதம் வவுனியாத் தலைமை அலுவலகத்திலிருந்து கிருசாந்தி வந்தாள். மனிதவளப் பகுதி அலுவலர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் சொன்ன திட்டத்தில் மாலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"ஐயா, ஒரே நாளிலை உங்களை அனுப்பிறதில்லை. படிப்படியா விடப்போறம். இந்த ரெண்டு மாசமும் வழமை மாதிரி வாங்கோ, உங்களுக்குப் பிறகு மெசினைப் பாக்க எடுத்த பிள்ளை சிவரூபியும் உங்களோடை நிப்பா. ஐப்பசி, கார்த்திகையிலை கிழமைக்கு மூண்டு நாள். மார்கழி, தையிலை ஒரு நாள். அதுக்குள்ளை உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் நாங்கள் எடுத்துவைக்கப் போறம்."

"எடுத்துவைக்கிறதெண்டால்?"

"நீங்கள் கதைப்பியள், நான் போனிலை பதிவேன். பிறகு எழுதுவன்."

மரியநேசனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பாதிரியாரைத் தவிர வேறு யாருடைய பேச்சையும் அந்த ஊரில் யாரும் பதிவு செய்ததில்லை. ஆனால் சைக்கிளில் வீடு போகிற வழியில் வேறொரு யோசனை வந்தது. தெரிந்ததை எல்லாம் எடுத்துவைத்துவிட்டால், பிறகு யார் வாகனம் அனுப்புவார்கள்?

ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்வது, ஒன்றை மட்டும் விட்டுவிடுவது.

அந்த ஒன்று என்னவென்றால், ஐஸ் இயந்திரத்தின் இதயமான கொம்பிறசரின் மேல் ஒரு நீளத் திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நடக்கிற சத்தத்தைக் கேட்பது. எந்த பெயாரிங் தேய்கிறது, எந்த வால்வு தட்டுகிறது என்று அதிலே அவர் சொல்லிவிடுவார். இடம்பெயர்ந்து நீர்கொழும்பில் இருந்த காலத்தில், அங்கே ஓர் ஐஸ் கம்பனியில் வேலை செய்தபோது ஒரு கிழவனிடம் கற்றுக்கொண்டது. இங்கே வந்து பதின்மூன்று வருடங்களாக, யாரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான் அவர் காது வைப்பார்.

அடுத்த கிழமை கிருசாந்தி வீட்டுக்கு வந்தாள். ஓய்வுக்குப் பிறகு வருகிற காசைப் பற்றிக் கதைக்கும்போது வீட்டுக்காரியும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அவளுடைய கொள்கை. மரியநேசனின் மனைவி அற்புதம் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, தானும் எதிரே வந்து இருந்தாள்.

மரியநேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பென்சன் மாசம் எத்தினையாந் திகதி வரும் பிள்ளை?"

கிருசாந்தி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும்.

"ஐயா, மாசா மாசம் வாற பென்சன் அரசாங்க உத்தியோகத்தருக்கு. எங்களைப்போல கம்பனிக்காரருக்குச் சேமலாப நிதி. உங்கட சம்பளத்திலை நூற்றுக்கு எட்டு கழிச்சு, கம்பனி பன்னிரண்டு போட்டுக் கட்டினது. அது ஓய்வு பெறேக்கை வட்டியோடை ஒருக்கா வரும். கம்பனி மட்டும் கட்டின நம்பிக்கைப் பொறுப்பு நிதி எண்டு இன்னொண்டு இருக்கு. அதுவும் ஒருக்கா வரும். பிறகு பணிக்கொடை. வேலை செய்த வருசம் ஒவ்வொண்டுக்கும் கடைசிச் சம்பளத்திலை அரைவாசி."

"சரி. அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை ஐயா."

பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். மாதா மாதம் பென்சன் எடுத்துவந்து, அன்று மட்டும் ஆட்டிறைச்சி வாங்குகிறவர். அவரிடம் வேலிக்கு மேலால், "தைக்குப் பிறகு நாங்களும் உங்களைப்போலதான்" என்று மரியநேசன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சந்தையில் சொல்லியிருக்கிறார். கோயில் முற்றத்தில் சொல்லியிருக்கிறார். இப்போது எத்தனை பேரிடம் போய்த் திருப்பிச் சொல்லவேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.

அற்புதம் அப்படியெல்லாம் மலைத்துப்போகவில்லை.

"தங்கச்சி, ஒருக்கா வாற காசை மாசா மாசம் வாறமாதிரி ஆக்கேலாதோ?"

"ஏலும் அம்மா. வங்கியிலை நிலையான வைப்பிலை போட்டால் மாசம் மாசம் வட்டி எடுக்கலாம். வட்டி வீதம் கூடும் குறையும், அதை நம்பி முழுச் செலவையும் போடக்கூடாது. அறுபது கடந்தவைக்கு வேற வீதம் குடுக்கினமோ எண்டும் கேட்டுப் பாருங்கோ. காசு வந்த கையோடை ஆருக்கும் வள்ளம், எஞ்சின் எண்டு குடுத்திடாதேங்கோ."

வள்ளம் என்றதும் அற்புதம் புருசனைப் பார்த்தாள். மரியநேசன் கூரையைப் பார்த்தார். மச்சான் றொமேசுக்கு ஒரு எஞ்சின் வாங்கிக் கொடுப்பதாக அவர் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார். றொமேஸ் அற்புதத்தின் கடைசித் தம்பி. ஆகவே அவளுக்கு அது தெரிந்தே இருந்தது.

"இன்னொண்டு" என்றாள் அற்புதம். "கடைசிச் சம்பளத்திலை அரைவாசி எண்டனீங்கள். இவரை மூண்டு நாள், ஒரு நாள் எண்டு குறைச்சால் கடைசிச் சம்பளமும் குறையுமே. பிறகு பணிக்கொடையும் எல்லோ குறையும்?"

கிருசாந்தி நிமிர்ந்து இருந்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் தலைமை அலுவலகக் கணக்காளர். இரண்டாவது ஆள் அற்புதம்.

"இல்லை அம்மா. அதைக் கதைச்சுத்தான் வந்தனான். நாள் குறைஞ்சாலும் அடிப்படைச் சம்பளம் குறையாது. மிச்ச நாளுக்குச் சேர்ந்துகிடக்கிற லீவைக் கொஞ்சம் கழிக்கிறம், மற்றதைக் கம்பனி பொறுக்குது. நான் கொண்டுவந்த கடிதத்திலை அப்பிடியே இருக்கு. வாசிச்சுப் பாத்திட்டுத்தான் கையெழுத்து வைக்கோணும்."

"வாசிப்பம்" என்றாள் அற்புதம்.

அதற்குப் பிறகு நீர்கொழும்புக் கதை வந்தது. அங்கேயும் சேமலாப நிதி கட்டினார்களா என்று கிருசாந்தி கேட்டாள். மரியநேசனுக்கு நினைவில்லை. அற்புதம் அலுமாரியைத் திறந்து, இடப்பெயர்வு எல்லாவற்றிலும் சேலைக்குள் சுற்றிக் காவித் திரிந்த ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். திருமணப் பதிவு, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று, அதற்குள் மடித்த ஒரு சேமலாப நிதி அட்டை. அட்டையில் அங்கத்தவர் பெயர் 'மரிய நெல்சன்' என்று இருந்தது.

"இது ஆர்?"

"நான்தான்" என்றார் மரியநேசன். "பதிஞ்ச கிளாக்கருக்கு நேசன் எண்டது பிடிபடேல்லை. பிறகு அங்கை எல்லாரும் நெல்சன் எண்டே கூப்பிட்டவை."

"திருத்தச் சொல்லேல்லையோ?"

"நல்ல பெயர்தானே எண்டு விட்டிட்டன்."

அந்த நல்ல பெயரால் புரட்டாதி முழுவதும் அலைச்சலாயிற்று. கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பழைய கம்பனியிடம் ஒரு கடிதம், நேசனும் நெல்சனும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி. சத்தியம் வாங்கிய சமாதான நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இப்ப வந்திருக்கிறது இதிலை எவர்?" என்று கேட்டார். வவுனியாவுக்குப் பேருந்தில் போய் வந்தபோது புளியங்குளத்தில் இறங்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, நெல்சன் என்று ஒருவன் தனக்காக நாலு வருடம் உழைத்து ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறான் என்று மரியநேசன் நினைத்துப் பார்த்தார். அவனை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

இதற்கிடையில் கம்பனியில் சிவரூபி வந்து சேர்ந்திருந்தாள். மலைநாட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்து வவுனியா வடக்கில் காடு வெட்டித் தோட்டம் செய்த குடும்பம். தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தவள். அதிகம் கதைக்கமாட்டாள். ஆனால் கதைத்தால் அது 'ஏன்' என்றுதான் இருக்கும்.

"இந்த உப்புத்தண்ணித் தொட்டியிலை உப்புப் போதுமோ எண்டு எப்பிடிப் பாக்கிறீங்க ஐயா?"

"விரலை வைச்சு நாக்கிலை வைப்பன்."

"ஏன்? அடர்த்திமானி இருக்குதுங்களே."

"அது எனக்குப் பிறகு வந்தது."

இரண்டையும் பார்த்தார்கள். அவருடைய நாக்கு சொன்னதும் அடர்த்திமானி சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. மரியநேசன் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். "உங்க நாக்கைக் கம்பனியிலை விட்டிட்டுப் போகேலாதே ஐயா" என்று சிவரூபி சொல்லிவிட்டு அடர்த்திமானியைக் கழுவி வைத்தாள்.

இன்னொரு நாள், வேலை முடிகிற நேரம் மரியநேசன் ஸ்பானரை எடுத்து, பெரிய குளிர்க் குழாயின் வளைவில் மூன்று தரம் தட்டினார். தினமும் செய்கிற காரியம்.

"இது ஏன் ஐயா?"

"வால்வு உள்ளுக்கை சரியா இருக்கிறதுக்கு."

"இந்த வளைவிலை வால்வு இல்லையே."

மரியநேசன் வளைவைப் பார்த்தார். உண்மைதான். வால்வு அடுத்த பக்கம் இருந்தது. பிறகு மெதுவாக நினைவு வந்தது. கம்பனி தொடங்கின புதிதில் வாசல் படலைக்கு மணி இல்லை. ஐஸ் ஏற்றின லொறி வெளியே போகப்போகிறது என்று காவலாளிக்குத் தெரிவிக்கக் குழாயில் தட்டுவார்கள். அந்தக் காவலாளி கனடா போய், அவருடைய பிள்ளைக்கே அங்கே கலியாணம் முடிந்துவிட்டது. படலைக்கு மின்சார மணி பூட்டியும் பல வருடமாயிற்று.

"அப்ப இது தேவையில்லை" என்றாள் சிவரூபி.

"தேவையில்லைத்தான்" என்றார் மரியநேசன். அடுத்த நாள் தட்டாமல் வீட்டுக்குப் போனவருக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பதிவு செய்கிற வேலையும் நடந்துகொண்டிருந்தது. கிருசாந்தி பதினைந்து நாளுக்கு ஒருக்கால் வந்து போனை மேசையில் நிமிர்த்தி வைத்து, "கொம்பிறசரைப் பற்றிச் சொல்லுங்கோ ஐயா" என்பாள். மரியநேசன் கொம்பிறசரில் தொடங்கி, அது வந்து இறங்கின நாளுக்குப் போய், அன்று பெய்த மழைக்குப் போய், அந்த மழையில் நடந்த சித்தப்பாவின் செத்தவீட்டுக்குப் போய், அங்கே பெட்டி தூக்குவதில் வந்த சண்டையை ஆள் ஆளாக நடித்துக் காட்டுவார். கிருசாந்தி இரவிரவாக இருந்து எழுதியதில் இயந்திரத்தைப் பற்றி அரைப்பக்கம் தேறியது. மிச்சத்தை அவள் தன் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். தாய் அடுத்த பதிவு எப்போது என்று கேட்டாள்.

ஐப்பசியில் மூன்று நாள் வேலை தொடங்கியது. மற்ற நாட்களில் மரியநேசன் கம்பனிப் படலைக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடை வாங்கில் போய் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் குளிர்கோபுரத்தின் நீராவி தெரியும். நீராவி குறைகிறதா என்று பார்த்தார். அது குறையவில்லை. லொறிகள் நேரத்துக்கு வந்தன, நேரத்துக்குப் போயின. மத்தியானம் சிவரூபி வெளியே வந்து, அவரைக் கண்டு கை காட்டிவிட்டு உள்ளே போனாள். அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கவலையோடு ஓடி வந்திருக்கவேண்டிய பிள்ளை கை காட்டுகிறது.

பின்னேரம் கிருசாந்தியின் தொலைபேசி வந்தது.

"ஐயா, இண்டைக்கு நீங்கள் வேலைக்கு வரேல்லைத்தானே?"

"இல்லையே. இண்டைக்கு எனக்கு லீவு."

"தேத்தண்ணிக் கடையிலை இருந்தனீங்களாம்."

"தேத்தண்ணி குடிக்கிறதும் பிழையோ பிள்ளை?"

"விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்குமோ ஐயா? நீங்கள் அங்கை இருந்தால் அந்தப் பிள்ளை தானா ஒரு முடிவும் எடுக்காது. பிறகு நாங்கள் நாளைக் குறைச்சதிலை ஒரு பிரயோசனமும் இல்லை."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அவருக்குக் கோபம் கூடியது. அடுத்த நாளிலிருந்து கடைக்குப் போகவில்லை. கோயில் மணிக்கூண்டுப் படியில் போய் இருந்தார். அங்கிருந்தும் நீராவி தெரியும்.

கார்த்திகைக் கடைசியில், இனி மறைத்துப் பயனில்லை என்றோ, தன் கெட்டித்தனத்தை ஒருக்காலாவது காட்டிவிட வேண்டும் என்றோ, மரியநேசன் சிவரூபியைக் கொம்பிறசரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிவரப் பார்த்தார். நீளத் திருப்புளியை எடுத்தார்.

"பிள்ளை, இதை நான் ஒருதருக்கும் சொன்னதில்லை."

திருப்புளியை வைத்துக் காதைக் கொடுத்தார். கண்ணை மூடினார். பிறகு பிடியை அவளிடம் நீட்டினார். சிவரூபி வாங்கி, முனையைச் சரியாக பெயாரிங் இருக்கிற இடத்தில் வைத்து, காதைக் கொடுத்து, மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டாள்.

"ஓம் ஐயா. நல்லா இருக்கு."

"உனக்கு இது எப்பிடித் தெரியும்?"

"முதலாம் வருசத்திலை படிப்பிச்சவை. நான் தினமும் காலமை கேக்கிறனான்."

மரியநேசன் திருப்புளியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பதின்மூன்று வருடம் ஒளித்து ஒளித்துக் காது வைத்ததை நினைக்க, கழுத்து வலிப்பது போல இருந்தது.

மார்கழியில் வாரத்துக்கு ஒரு நாளாயிற்று. புதன்கிழமை. அந்த ஒரு நாளும் அவர் இயந்திரப் பக்கம் போகத் தேவையில்லை, அலுவலக அறையில் இருந்து பதிவுக்குக் கதைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வேலை உடுப்பில்லை. வெளுத்த சட்டை போட்டு, முன்படலையால் விருந்தாளி மாதிரிப் போய், மின்விசிறிக்குக் கீழே இருந்து, கிருசாந்தி கொண்டுவந்த, மீன் வைத்த மாலு பணிஸ் தின்றுவிட்டு வந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. களப்பு ஏறியது. இறால் நிறையப் பட்டது. கரையோர மீன்வாடிகள் எல்லாவற்றுக்கும் ஐஸ் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து, வற்றாப்பளைப் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. ஐஸ் போட்ட ஜூஸ் உப்புக் கரிக்கிறதாம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது ஜூஸோ, ரசமோ?" என்று பந்தலில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டாராம். அடுத்த நாள் இறால் வியாபாரிகள் வந்தார்கள். ஐஸ் முந்தி மாதிரி இல்லை, நடு இறுகவில்லை, கெதியில் உருகுகிறது என்றார்கள்.

ஐஸ் உப்பாக இருந்தால் அந்தத் தொழிலில் எவரும் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகள் உப்புத்தண்ணித் தொட்டிக்குள் நின்றுதான் உறைகின்றன. தகரத்தில் ஓட்டை விழுந்தால் உப்பு உள்ளே போகும். சிவரூபி அச்சுகளை வரிசை வரிசையாகத் தூக்கி, ஒழுக்குப் பார்த்தாள். ஒன்றும் ஒழுகவில்லை. மறுபடி பார்த்தாள். முகாமையாளர் தானும் வந்து பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, மரியநேசனின் வீட்டு வாசலில் கம்பனி வாகனம் வந்து நின்றது.

அவர் எதிர்பார்த்தது போல ஒருவரும் கெஞ்சவில்லை. சாரதி ஹோர்ன் மட்டும் அடித்தான். இரண்டு தரம் மறுப்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை. ஆனாலும் மரியநேசன் சட்டையைப் போடுவதற்கு வழமையைவிடக் கூட நேரம் எடுத்தார்.

"இதுக்குத்தானே இவ்வளவு நாளும் காத்திருந்தனீங்கள்" என்றாள் அற்புதம்.

"நான் ஆர்ரை கெடுதலுக்கும் காத்திருக்கேல்லை" என்றார் மரியநேசன், சீப்பைத் தேடிக்கொண்டு.

கம்பனியில் எல்லோரும் வழி விட்டார்கள். மரியநேசன் கொம்பிறசரில் காது வைத்துக் கேட்டார். நன்றாக இருந்தது. தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தார். உப்பு இருக்கவேண்டிய அளவு இருந்தது. அச்சுகளைத் தூக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது" என்று ஒன்றைக் காட்டினார். அது ஒழுகவில்லை. "அப்ப இது" என்றார். அதுவும் ஒழுகவில்லை. மத்தியானமாயிற்று. கூடிநின்றவர்கள் ஒருவர் ஒருவராகச் சாப்பிடப் போனார்கள். மரியநேசன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். தன்னை அழைத்தும் தனக்குத் தெரியவில்லை என்பது, அவர் நடத்திப் பார்த்த எந்தக் காட்சியிலும் இல்லாத ஒன்று.

கிருசாந்தி அன்று வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். அவள் போனை மேசையில் நிமிர்த்தவில்லை. கைப்பைக்குள் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஐயா, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். போன வருசம் இதே மழைக்காலத்திலை வேலைக்கு வந்தமாதிரி ஒருக்கா வந்து காட்டுங்கோ. வீட்டிலையிருந்து வாற மாதிரி. நாங்கள் பின்னாலை வாறம்."

"விளையாட்டோ பிள்ளை?"

"ஒருக்கா ஐயா."

மரியநேசனுக்கு வேறு வழியும் தெரியவில்லை. காவலாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வெளியே போய், பின்படலையால் உள்ளே வந்தார். சைக்கிளை வேம்புக்குக் கீழே விட்டார். கிருசாந்தியும் சிவரூபியும் முகாமையாளரும் மழைத்தூறலுக்குள் வரிசையாகப் பின்னால் நின்றார்கள்.

"பிறகு?"

"பிறகென்ன, கால் கழுவுவன். உந்த ஒழுங்கையெல்லாம் சேறுதானே."

"கழுவுங்கோ."

வேம்புக்கு அங்காலே மேட்டில் ஒரு கிணறு இருந்தது. வாளியால் அள்ளிக் கால் கழுவினார். கழுவிக்கொண்டே, வழமைபோலத் திரும்பிக் களப்பைப் பார்த்தார். தண்ணீர் ஏறி வந்து, வேலியோரத்துத் தாழம்பற்றையின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவருடைய கை தானாகவே கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் உள்ள குழாய் வால்வுக்குப் போனது. பிடித்துத் திருப்பத் தொடங்கியது.

"ஐயா, அது என்ன?" என்றாள் சிவரூபி.

"ஓ, இது மேட்டுக் கிணத்து வால்வு. களப்பு அந்தத் தாழையைத் தொட்டால், ஐசுக்குத் தண்ணி எடுக்கிற கீழ்க் கிணறு உப்புச் சவராப் போகும். அப்ப அதை மூடிப்போட்டு, ஒரு மாசத்துக்கு இதிலையிருந்து எடுக்கிறது. தண்ணி வத்தின பிறகு திரும்பவும்..."

அவர் அங்கே நிறுத்தினார். கை வால்விலேயே இருந்தது.

"இதை ஏன் ஐயா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று முகாமையாளர் கேட்டார்.

"இதிலை சொல்லுறதுக்கு என்ன இருக்கு? இது இயந்திரம் இல்லையே. கால் கழுவேக்கை செய்யிறது."

கிருசாந்தி சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தாள். மணிக்கணக்கான பதிவு அவளிடம் இருந்தது. சித்தப்பாவின் செத்தவீட்டில் பெட்டியின் எந்த மூலையை எவர் பிடித்தார் என்பதுவரை இருந்தது. கிணறு இல்லை. அதைவிட அவளைச் சுட்டது வேறொன்று. அவரை வெளுத்த சட்டையோடு முன்படலையால் வரச்சொன்னது அவளுடைய திட்டம். கால் சேறாகவில்லை. அதனால் கழுவவில்லை. அதனால் வால்வு திரும்பவில்லை.

அன்று பின்னேரமே சிவரூபி கீழ்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தாள். கடுஞ்சவர். கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயைக் கழுவி, மேட்டுக் கிணற்றுத் தண்ணீரால் அச்சுகளை நிரப்பினார்கள். அடுத்தடுத்த நாள் ஐஸ் முன்பு மாதிரி இறுகி வந்தது. கலியாண வீட்டாருக்கு முகாமையாளர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா இன்னும் அங்கேதான் இருந்தாராம்.

அதற்குப் பிறகு கிருசாந்தி பதிவு முறையை மாற்றினாள். மேசை, மின்விசிறி, பணிஸ் எல்லாம் நின்றுபோயின. மிச்சமிருந்த புதன்கிழமைகளில் மரியநேசன் வேலை உடுப்போடு பின்படலையால் வந்து நடந்தார். அவர் கை எங்கே போகிறதோ, சிவரூபி அங்கே நின்று 'ஏன்' என்று கேட்டாள். சில கேள்விகளுக்குப் பதில் இருந்தது. மின்சாரம் போய் வந்தால் இயந்திரத்தை உடனே போடக்கூடாது, ஏனென்றால் எதிர்க்கரை ஆலையும் அந்த நேரம் போடும், மின்சாரம் திரும்பவும் போய்விடும். சிலவற்றுக்குப் பதில் இல்லை. எண்ணெய்ப் பீப்பாவை ஏன் எப்போதும் தெற்குப் பக்கம் வைக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வடக்குப் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மரியநேசன் தானே சிரித்தார். 'தெரியாது' என்று சொல்வது அவருக்கு முதலில் பல் பிடுங்குவது போல இருந்தது. பிறகு பழகிவிட்டது.

தபாலதிபரிடமும் சொல்லிவிட்டார். வேலிக்கு மேலால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். தபாலதிபர் கேட்டுவிட்டு, "மொத்தமா வாறதெண்டால் நல்லதுதானே, எனக்கு மாசக் கடைசியிலை ஒண்டும் மிஞ்சிறதில்லை" என்றார். மரியநேசனுக்கு அந்த மனிதர்மேல் முதல்முறையாக அன்பு வந்தது.

தை மாதம் மாலை போட்டார்கள். முகாமையாளர் பேசினார். கண் கலங்கியது அற்புதம் மட்டும்தான். அதுவும் மாலையில் இருந்த ஏதோ ஒரு பூ ஒத்துக்கொள்ளாததால் என்று அவள் சொன்னாள். அடுத்த நாள் இயந்திரம் நிற்கவில்லை. பணிக்கொடைக் காசோலை அந்த மாதத்திலேயே வந்தது. சேமலாப நிதிக்குத் தொழில் அலுவலகத்தில் விரல் அடையாளம் வைத்துவிட்டு வந்து காத்திருந்தார்கள். பங்குனியில் வந்தது. அற்புதம் அதை இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பிலிட்டாள். றொமேசுக்குப் புது எஞ்சினுக்குப் பதிலாகப் பழைய எஞ்சினைத் திருத்துகிற செலவு கிடைத்தது. அத்தோடு உதவிக்கு ஒரு ஆளும் கிடைத்தார்.

கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தும் மரியநேசனுக்கு வலை வீசத் தெரியாது. இருபது வயதிலிருந்து இயந்திரத்தோடு கிடந்தவர். இப்போது களப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வீச்சு வலையை எறிந்தார். அது வட்டமாக விரியாமல் ஒரு மூட்டையாகப் போய் விழுந்தது.

"அத்தான், தோளாலை எறியாதேங்கோ, இடுப்பாலை திருப்புங்கோ" என்றான் றொமேஸ்.

"ஏன்?" என்று கேட்டார் மரியநேசன்.

றொமேஸ் வாயைத் திறந்தான். யோசித்தான். "அப்பிடித்தான்" என்றான்.

அந்த நேரம் கரையில், கழற்றி வைத்த சட்டைப் பையிலிருந்த தொலைபேசி அடித்தது. சிவரூபி. மரியநேசன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்கு ஓடினார். மூச்சு வாங்க எடுத்தார்.

"சொல்லு பிள்ளை. கொம்பிறசரோ? எண்ணெயோ? தண்ணி தாழையைத் தொட்டிட்டுதோ?"

"இல்லை ஐயா, எல்லாம் நல்லா இருக்கு. உதிரிப்பாக அலுமாரி மேல்தட்டுச் சாவி எங்கை ஐயா? காலமையிலையிருந்து தேடுறம்."

"அதுக்குத் திறப்பு இல்லை. கொஞ்சம் தூக்கிப்போட்டு இழுக்கோணும்."

மறுபக்கத்தில் ஏதோ தூக்குகிற சத்தமும், பிறகு கிறீச்சென்று ஒரு சத்தமும் கேட்டன.

"வந்திட்டுது ஐயா. நன்றி." சிவரூபி வைத்துவிட்டாள்.

மரியநேசன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்து, சட்டையைக் கல்லின்மேல் மடித்து வைத்துவிட்டு, திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பைத் திருப்பினார். இந்தத் தடவை பாதி விரிந்தது. இரண்டு இறாலும் ஒரு பழைய செருப்பும் வந்தன.